ஸ்டீமில் நாட்டை மாற்றினால் உண்மையில் என்ன மாறும்?

"அண்ணா, நான் உவர்மலை. ஸ்டீம்ல சோனிட ஒரு கேமைத் திறந்தா இந்த நாட்டில இல்லை எண்டு வருது. தமிழ்நாட்டு யூடியூப் பொடியள் எல்லாம் அதைத்தான் விளையாடுறாங்கள். ரீஜனை இந்தியாவுக்கு மாத்தினா சரிவரும் எண்டு ஒருத்தர் சொல்றார். மாத்தட்டா? மாத்தினா முதல் வாங்கின கேமெல்லாம் போயிடுமா?"

வாங்கியது போகாது. ஆனால் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருமலையில் இருந்துகொண்டு அதை ஒழுங்கான வழியில் மாற்றவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

முதலில், இந்தப் பூட்டைப் போட்டது யார்? பலர் இலங்கையில் தடை செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அரசாங்கம் மறித்திருந்தால் கணினி கேம்களை விற்கும் கடையான ஸ்டீமே திறக்காமல் போயிருக்கும், அல்லது அது பெரிய செய்தியாக வந்திருக்கும். உங்களுக்கு ஸ்டீம் திறக்கிறது, மற்ற கேம்களை வாங்க முடிகிறது, இந்த ஒன்றில் மட்டும் `This item is currently unavailable in your region` என்று வருகிறது. அப்படியென்றால் பூட்டு கேமை வெளியிட்ட நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எந்தெந்த நாட்டில் விற்கலாம், எங்கே விற்கக் கூடாது என்ற பட்டியலை வெளியீட்டாளர்தான் கொடுக்கிறார். ஸ்டீம் அதன்படி கதவைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான்.

சோனியின் கேம்களுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் 2024 பெப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தது. இலங்கையிலும் வாங்கலாமாக இருந்தது, இங்கேயும் பலர் வாங்கினார்கள். மே மாதத் தொடக்கத்தில் சோனி ஓர் அறிவிப்பு விட்டது: கணினியில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு ஒன்றை இணைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அந்தக் கணக்கைத் தொடங்கும்போது நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லும் பட்டியலில் இலங்கை கிடையாது. இந்தியா இருக்கிறது, ஐக்கிய அரபு அமீரகம் இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, நாங்கள் இல்லை. எங்களைப் போல அந்தப் பட்டியலில் இல்லாத நாடுகளும் பிரதேசங்களுமாக 170க்கு மேற்பட்ட இடங்களில் ஹெல்டைவர்ஸ் 2 விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆட்களுக்குக் கோபம் வந்து ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்களைக் குவித்தார்கள். சில நாட்களிலேயே சோனி கணக்கு இணைக்கும் கட்டாயத்தைக் கைவிட்டது. ஆனால் விற்பனைப் பூட்டு அதோடு சேர்ந்து கழரவில்லை.

அதே மாதம் கணினிக்கு வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுக்கும் இதே கதிதான். அதில் தனியாக விளையாடும் கதைப் பகுதிக்குச் சோனிக் கணக்கு தேவையே இல்லை, கூட்டாக விளையாடும் பகுதிக்கு மட்டும்தான் தேவை. இருந்தும் கேம் முழுவதையும் எங்கள் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள், முன்பதிவு செய்தவர்களுக்குக் காசு திரும்பி வந்தது. 2025 ஜனவரியில் காட் ஆஃப் வார் ராக்னராக் உட்பட நான்கு கேம்களுக்குக் கணக்குக் கட்டாயமில்லை என்று சோனி அறிவித்தது. அதன் பிறகு சில கேம்களின் நாட்டுப் பூட்டுகள் கழன்றன, சில அப்படியே கிடந்தன. ஆகவே ஒரு வருடத்துக்கு முந்திய வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்களுடைய கேம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பார்ப்பது லேசு. steamdb.info என்ற தளத்தில் கேமின் பெயரைத் தேடி, `Packages` என்ற பகுதிக்குப் போய், விற்கப்படும் பொதியைத் திறந்தால் நாட்டுப் பட்டியல் கிடைக்கும். இரண்டெழுத்துக் குறியீடுகளாக இருக்கும், இலங்கைக்கு `LK`. `PurchaseRestrictedCountries` என்ற வரியில் நாட்டுப் பெயர்கள் இருந்தால் அது வாங்குவதற்கான கட்டுப்பாடு. அதன் பக்கத்திலேயே `AllowPurchaseFromRestrictedCountries` என்று இன்னொரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். அது ஆம் என்றால் பட்டியலில் உள்ள நாடுகளில் மட்டும்தான் வாங்கலாம், இல்லை என்றால் பட்டியலில் உள்ள நாடுகளில் வாங்க முடியாது. இந்த இரண்டாவது வரியைப் பார்க்காமல், LK இருக்கிறது, அப்ப எனக்குத் தடை என்று தலைகீழாக விளங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வாங்கும் கட்டுப்பாடு வேறு, இயக்கும் கட்டுப்பாடு வேறு. `OnlyAllowRunInCountries` என்று ஒரு வரி இருந்தால், வாங்கிய பிறகும் குறிப்பிட்ட நாடுகளில் இருந்தால்தான் கேம் ஓடும். ரஷ்யப் பக்கத்துக்கென்று மலிவாக விற்ற பொதிகளில் இதை நிறையப் பார்க்கலாம். சோனி கேம்களில் இருந்தது வாங்கும் கட்டுப்பாடு மட்டும். அதனால்தான் 2024 மே மாதத்துக்கு முதல் ஹெல்டைவர்ஸ் 2 வாங்கிய இலங்கை ஆட்கள், கடையில் அது மறைந்த பிறகும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் விளையாடினார்கள். வாங்கியது போயிடுமா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதுதான். கடையின் நாடு மாறினாலும் நூலகத்தில் இருப்பது இருக்கும். இயக்கும் கட்டுப்பாடு உள்ள பொதி கையில் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்.

சரி, இனி ரீஜன் விஷயத்துக்கு வருவோம். ரீஜன் என்று எல்லோரும் ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள், ஆனால் ஸ்டீம் உங்களைப் பற்றி மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று, உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும் நாடு. `Account details` பக்கத்தில் `Country` என்று தெரிவது இதுதான். இரண்டு, நீங்கள் இந்த நேரம் எந்த நாட்டு இணையத்தில் இருக்கிறீர்கள் என்பது, அது ஐ.பி. முகவரியில் தெரியும். மூன்று, நீங்கள் காசு கட்டும் கார்ட் எந்த நாட்டு வங்கியுடையது என்பது. கார்டின் முன் ஆறு அல்லது எட்டு இலக்கங்களே வங்கியையும் நாட்டையும் சொல்லிவிடும். இலங்கை வங்கி ஒன்றின் திருமலைக் கிளையில் எடுத்த விசா கார்டை நீங்கள் எந்த நாட்டில் இருந்து தட்டினாலும் அது இலங்கைக் கார்டுதான். பில் முகவரியில் சென்னை என்று எழுதினாலும் அந்த இலக்கங்கள் மாறப் போவதில்லை.

உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் முதலாவதை மட்டும் மாற்றச் சொல்கிறார். ஸ்டீமில் அதைத் தனியாக மாற்ற முடியாது. கணக்குப் பக்கத்தில் நாட்டை மாற்றும் இணைப்பு எல்லா நேரமும் தெரிவதில்லை. நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாக ஸ்டீமுக்குத் தெரிந்தால்தான் அது வரும். அது வந்த பிறகும், புதிய நாட்டில் வழங்கப்பட்ட கட்டண முறையால் ஒரு கொள்முதலை முடித்தால்தான் மாற்றம் பதியும். ஆகவே திருச்சிக்குப் போய் அங்கேயே குடியேறி, இந்திய வங்கிக் கணக்குத் திறந்து, யு.பி.ஐ. அல்லது இந்தியக் கார்டால் ஒரு கேம் வாங்குகிறவருக்குத்தான் இது தானாக நடக்கும். விதி எழுதப்பட்டதே அப்படி இடம்பெயர்கிறவர்களுக்காகத்தான்.

உவர்மலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய வேண்டுமென்றால் வி.பி.என். போட வேண்டும், இந்தியாவில் இருக்கும் யாராவது சொந்தக்காரரின் கார்டைக் கேட்க வேண்டும். வி.பி.என். மூலம் இருப்பிடத்தை மறைப்பது ஸ்டீமின் பயன்பாட்டு ஒப்பந்தத்துக்கு நேரடியாக விரோதம், கணக்கைக் கட்டுப்படுத்தும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பலர் செய்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். நடக்காமலும் போகலாம். ஆனால் நூலகத்தில் நான்கைந்து வருடக் காசு கிடக்கிறது. ஒரு கேமுக்காக அதை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை.

இருந்தாலும் செய்துவிட்டீர்கள், மாற்றம் பதிந்துவிட்டது என்றே வைப்போம். அடுத்த நாள் என்ன நடக்கும்?

கடையைத் திறந்தால் விலைகள் இந்திய ரூபாயில் தெரியும். உங்கள் வாலட்டில் டொலர் மிச்சம் இருந்தால் அது ரூபாயாக மாறியிருக்கும். அந்தச் சோனி கேமின் பக்கம் திறக்கும், வாங்கும் பொத்தானும் இருக்கும். இதுவரைக்கும் ஆலோசனை சொன்னவர் சரி. அப்புறம் இன்னொரு கேம் மலிவு விற்பனையில் வருகிறது, உங்கள் சொந்தக் கார்டைத் தட்டுகிறீர்கள், அது ஏறாது. இனி ஒவ்வொரு முறையும் அந்தச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்து ஓ.டி.பி. கேட்க வேண்டும். அலுத்துப்போய் இலங்கைக்கே திரும்பலாம் என்றால், நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம். கோடைகால விற்பனைக்கு முதல் மாற்றினீர்கள் என்றால் அந்த விற்பனை முழுவதும் மாட்டுப்பட்டு நிற்பீர்கள். வீட்டில் தம்பியோ தங்கச்சியோ உங்களோடு ஸ்டீம் குடும்பக் குழுவில் இருந்தால் அதிலும் இழுபறிதான், ஏனென்றால் அந்தக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டுக் கடையில் இருக்க வேண்டும்.

மாறாதவையும் இருக்கின்றன. கேம் எந்த சேர்வரில் ஓடும் என்பதைக் கடையின் நாடு தீர்மானிப்பதில்லை. உங்கள் இணைப்பு எங்கே இருக்கிறது என்பதும் கேமின் சொந்த அமைப்பும்தான் அதைத் தீர்மானிக்கும். எனவே இந்தியாவுக்கு மாற்றினால் பிங் எனப்படும் இணைப்புத் தாமதம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், திருமலையிலிருந்து போகும் கேபிள் அதே கேபிள்தான். சோனிக் கணக்குப் பிரச்சினையும் தீராது. கேம் கணக்கைக் கேட்டால் அங்கேயும் இன்னொரு நாட்டைத் தெரிவு செய்துதான் திறக்க வேண்டிவரும். அது முற்றிலும் வேறு நிறுவனம், வேறு பதிவு. ஸ்டீமில் என்ன மாற்றினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

விலை குறையும் என்ற ஆசையில் மாற்ற நினைக்கிறவர்களுக்கும் ஒரு விஷயம். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளுக்கு ஸ்டீமில் தெற்காசிய டொலர் விலை என்று ஒரு தனி வரிசை உண்டு. திரையில் டொலர் என்று தெரிவதால் அமெரிக்க விலைதான் என்று நினைக்கிறோம், ஆனால் வெளியீட்டாளர் மனம் வைத்தால் அது அமெரிக்க விலையை விட நன்றாகக் குறைந்திருக்கும். இந்திய விலையோடு அதே steamdb.info தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். சில கேம்களுக்கு இந்தியா மலிவு, சிலவற்றுக்கு எங்கள் பக்கம் மலிவு.

அடுத்ததாக நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும்: கனடாவில் இருக்கும் மச்சான் வாங்கி கிஃப்ட் பண்ணினால்? பூட்டு இல்லாத கேம் என்றால் தாராளமாகப் பண்ணலாம். ஸ்டீம் இரண்டு நாட்டு விலையையும் ஒப்பிடும். மலிவான நாட்டிலிருந்து விலை கூடிய நாட்டுக்கு அனுப்புவதைத்தான் மறிக்கும், கனடாவிலிருந்து இங்கே வருவது பெரும்பாலும் அந்தத் திசையில் இல்லை. ஆனால் உங்கள் நாட்டில் விற்பனையே மூடியிருக்கும் கேமை கிஃப்டாகவும் ஏற்றுக்கொள்ள முடியாது. மச்சானை வாங்கச் சொல்வதற்கு முதல் பட்டியலில் LK எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அவர் பாவம்.

கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடான கீயை விற்கும் தளங்களிலும் இதே கதைதான். அங்கே ஒரு கேமுக்கு மூன்று நான்கு விலை போட்டிருப்பார்கள், மலிவானது எப்போதும் ஏதோ ஒரு நாட்டுக்கானது. அந்தக் கீயை உங்கள் கணக்கில் போட்டால் இந்த நாட்டில் கிடைக்காத பொருள் என்று சொல்லித் திருப்பிவிடும். கீ வீணாகாது, வேறு நாட்டில் ஒருவர் பாவிக்கலாம், ஆனால் உங்கள் காசைத் தளக்காரர் திருப்பித் தர மாட்டார். மலிவு நாட்டுக் கீகளை வேறு நாடுகளில் பூட்டுவது எல்லா இடத்திலும் சட்டப்படி சரியென்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே கிழக்கு நாடுகளில் விற்ற கீகளை மற்ற உறுப்பு நாடுகளில் வேலை செய்யாமல் பண்ணியதற்காக, 2021 ஜனவரியில் ஸ்டீமை நடத்தும் வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் சேர்த்து 78 இலட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டம் ஒன்றியத்துக்குள்ளே மட்டும்தான். எங்களுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்போது வழியே இல்லையா என்றால், கூட்டாளி யாரிடமாவது பிளேஸ்டேஷன் 5 இருந்தால் இருக்கிறது. டிஸ்க் வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் கேம் டிஸ்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு டிஸ்கும் எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும். கணினியில் மூடியிருக்கும் அதே சோனி கேமை என்.சி. வீதிப் பக்கக் கடை ஒன்றில் டிஸ்காக வாங்கலாம், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று அது கேட்காது.

ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தது. அலஸ்தோட்டத்தில் ஒரு பொடியன் துபாயிலிருந்து வந்த டிஸ்க் ஒன்றை வாங்கினான். டிஸ்க் உறையின் முன்பக்கம் பெகி என்ற வயது முத்திரை, அது ஐரோப்பியப் பக்கத்து அடையாளம். கதை முடிந்ததும் அதன் கூடுதல் அத்தியாயத்தை வாங்க ஆசை வந்தது. அவனுடைய கணக்கு அமெரிக்காவுடையது, பெட்டி வாங்கிய நாளில் கடைக்காரர் அப்படித் திறந்து கொடுத்திருந்தார். அமெரிக்க கிஃப்ட் கார்ட் வாங்கிப் போட்டு, அத்தியாயத்தையும் வாங்கினான். பதிவிறக்கம் முடிந்தது. கேமைத் திறந்தால் அத்தியாயம் இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, வாங்கவே இல்லை என்பதுபோல ஆரம்பத் திரை அப்படியே நின்றது.

டிஸ்குக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் கேமுக்கு ஒரு இலக்கம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 என்றால் `CUSA` என்று தொடங்கும், 5 என்றால் `PPSA`, அட்டையின் விளிம்பில் அச்சடித்திருக்கும். ஒரே கேமுக்கு அமெரிக்காவில் ஓர் இலக்கம், ஐரோப்பாவில் வேறு, ஜப்பானில் வேறாக இருக்கும். அமெரிக்கக் கடையில் வாங்கிய அத்தியாயம் அமெரிக்க இலக்கத்தைத் தேடும், ஐரோப்பிய டிஸ்கோடு ஒட்டாது. கணக்கை ஐரோப்பாவுக்கு மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்டீம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது விடும். சோனிக் கணக்கின் நாட்டை மாற்றவே முடியாது. திறந்த அன்று தெரிவு செய்ததுதான் கடைசி வரைக்கும், புதுக் கணக்குத் திறப்பது ஒன்றே வழி. அந்தந்த நாட்டு கிஃப்ட் கார்டும் அந்தந்த நாட்டுக் கணக்கில் மட்டும்தான் ஏறும். கடைசியில் அவன் பிரித்தானியக் கணக்கு ஒன்றைப் புதிதாகத் திறந்து அதே அத்தியாயத்தை மறுபடி வாங்கினான், அது ஒட்டியது. ஒரே பெட்டியில் இரண்டு கணக்குகள் இருக்கலாம். வாங்கிய கணக்குக்கு அந்தப் பெட்டியில் பகிர்வு வசதியை இயக்கிவிட்டால், ஒரு கணக்கில் வாங்கியதை மற்றக் கணக்கிலிருந்தும் விளையாடலாம்.

ஆகவே டிஸ்க் வாங்கப் போகும்போது முதலில் கூட்டாளியின் கணக்கு எந்த நாடு என்று கேளுங்கள். அமெரிக்கா என்றால் அந்தப் பக்கத்து வயது முத்திரையான ஈ.எஸ்.ஆர்.பி. உள்ள டிஸ்கைத் தேடுங்கள், பிரித்தானியா, அமீரகம், இந்தியா என்றால் பெரும்பாலும் பெகி முத்திரை உள்ளது சரிவரும். கூடுதல் அத்தியாயம் எதுவும் வாங்குவதில்லை என்றால் எந்த முத்திரை இருந்தாலும் பரவாயில்லை, விலை குறைந்ததை எடுங்கள். இலங்கை என்ற பெயர் பட்டியலில் இல்லாததால் இங்கே பிளேஸ்டேஷன் விளையாடுகிற எல்லோரும் வேறொரு நாட்டுக் கணக்கில்தான் இருக்கிறார்கள், சோனியின் விதிப்படி பார்த்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. ஆனால் அது கேமுக்காக இடையில் நாடு மாறுவதல்ல, ஒரு முறை தெரிவு செய்துவிட்டு அங்கேயே இருப்பது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து தானாகக் கணக்குத் திறக்க முன்னம், அந்த நாட்டு கிஃப்ட் கார்ட் திருமலையில் சுலபமாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.